மழை பற்றிய ஆங்கில இழையைத் தமிழில் எழுதியிருக்கிறேன், ஹட்டி குரூப்பில் போடலாமா?

எடக்காடு ராஜி

வணக்கம். வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒரு வானிலை ஆர்வலர் எழுதிய இழை எல்லா குரூப்பிலும் சுற்றுகிறது. மொத்தம் பதினான்கு ட்வீட், எல்லாம் ஆங்கிலம். எங்கள் ஹட்டியில் பெரியவர்களுக்கும் கீழே எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கும் அது புரியவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு "என்னம்மா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்று கேட்கிறார்கள். முக்கியமானவற்றை மட்டும் தமிழாக்கியிருக்கிறேன். குரூப்பில் போடும் முன் இங்கே போடுகிறேன். தமிழையும் பாருங்கள், விஷயம் உண்மையா என்றும் பாருங்கள்.

1. நீலகிரியில் ஒரே நாளில் 911 மி.மீ. மழை. லண்டனில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்.
2. இன்று இரவும் சிவப்பு எச்சரிக்கை.
3. 2009இல் இதைவிடக் குறைந்த மழைக்கே நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள்.
4. 283 கிராமங்களைக் காலி செய்ய ஆணை.
5. நிலச்சரிவு அபாயத்தில் இந்தியாவிலேயே முதல் மாவட்டம் நீலகிரி என்று இஸ்ரோ அறிவித்துள்ளது.
6. (படம்) மலை ரயில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது.

மஞ்சூர் மணி

அக்கா, மஞ்சூரில் காலையிலிருந்து தூறல்தான். பஸ் ஓடுகிறது. ஊட்டி ரோடும் திறந்துதான் இருக்கிறது, பயப்படாமல் வரலாம்.

எடக்காடு ராஜி

மணி, நான் ஊட்டிக்குப் போகக் கேட்கவில்லை தம்பி. இந்த எழுத்தை மற்றவர்களுக்கு அனுப்பலாமா என்றுதான் கேட்கிறேன்.

கேத்திப் பையன்

முதல் வரியே பொய். நீலகிரியின் ரெக்கார்டு 820 மி.மீ. எங்கள் கேத்தியில், 2009 நவம்பர் 10. எங்க ஊர்ல சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். 911 என்பது எவனோ அடித்துவிட்டது. எண்ணே பொய் என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம், மொத்தமாகத் தூக்கி எறியுங்கள்.

பழைய ஃபீல்டு ஆபீசர்

தம்பி, கேத்தி 820 உண்மை. 911-ம் உண்மை. அது அவலாஞ்சி, 2019 ஆகஸ்ட் 9. அதற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 8 கணக்கிலும் அவலாஞ்சியில் 82 செ.மீ. பதிவானது. பத்து வருட இடைவெளியில் இரண்டு ஊருக்கும் ஒரே 82. அதனால்தான் இணையத்தில் பலர் கேத்தியை 2019 என்றும் அவலாஞ்சியை 2009 என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

ராஜி அம்மா, எண்ணில் தவறு இல்லை, எண்ணோடு இருக்க வேண்டியவை இல்லை. எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. மழை அளவு என்பது எப்போதும் மூன்று விஷயம் சேர்ந்தது: எந்த இடத்து மானி, எந்த எட்டரையிலிருந்து எந்த எட்டரை வரை, எவ்வளவு. "ஆகஸ்ட் 9 மழை" என்றால் 8ஆம் தேதி காலை 8.30 முதல் 9ஆம் தேதி காலை 8.30 வரை பெய்தது. உங்கள் வரியில் மூன்றாவது மட்டும்தான் இருக்கிறது. "நீலகிரியில்" என்று எழுதினால் கோத்தகிரியில் இருப்பவர் தன் வீட்டுக் கூரை மேல் 911 பெய்ததாகத்தான் படிப்பார். தென்மேற்குப் பருவமழையில் அவலாஞ்சியும் அப்பர் பவானியும் வாங்குகிற மழை வேறு, மலைக்கு மறுபக்கம் இருக்கும் கோத்தகிரி வாங்குகிற மழை வேறு. ஒரே மாவட்டம்தான், ஆனால் ஒரே நாளில் ஒரு பக்கம் ஆறு ஓடும், மறுபக்கம் துணி காயும்.

லண்டன் ஒப்பீடு சரிதான். அங்கே வருடத்துக்கு 600 மி.மீ. அளவில்தான் பெய்யும்.

எடக்காடு ராஜி

சார், மூல ட்வீட்டிலும் வருடம் இல்லை, இடமும் இல்லை. நீலகிரி என்று மட்டும்தான் இருக்கிறது. அவர் எழுதாததை நான் தமிழில் சேர்க்கலாமா?

பழைய ஃபீல்டு ஆபீசர்

அவர் சொன்னதாக எழுதும் வரிக்குள் சேர்க்காதீர்கள். அவர் வரியை அப்படியே விட்டுவிட்டு, கீழே "இது 2019 ஆகஸ்ட் 9, அவலாஞ்சி அளவு" என்று உங்கள் பெயரில் ஒரு வரி போடுங்கள். இரண்டும் கலந்தால் பிறகு எது அவர் சொன்னது, எது நீங்கள் கண்டுபிடித்தது என்று யாருக்கும் தெரியாது.

சென்னை சுரேஷ்

இதே மெசேஜ் எங்க மாமா குரூப்பில் "911 செ.மீ." என்று வந்திருக்கிறதே! அடுத்த வாரம் ஊட்டியில் ரூம் போட்டிருக்கேன். கேன்சல் பண்ணணுமா? இ-பாஸ் இன்னும் வேணுமா?

பழைய ஃபீல்டு ஆபீசர்

911 செ.மீ. என்றால் 9,110 மி.மீ. உலகத்திலேயே ஒரு நாளில் பதிவான அதிகபட்ச மழை ரீயூனியன் தீவில், 1966இல், 1,825 மி.மீ. உங்கள் மாமா குரூப்பில் அதைப்போல ஐந்து மடங்கு பெய்திருக்கிறது. மி.மீ. என்பதைச் செ.மீ. ஆக்கும்போது யாரோ புள்ளி வைக்க மறந்திருக்கிறார்கள். 91.1 செ.மீ. என்று இருக்க வேண்டும்.

மஞ்சூர் மணி

சுரேஷ் சார், இ-பாஸ் 2024 மே 7லிருந்து நடைமுறை, ஐகோர்ட் உத்தரவு. epass.tnega.org தளத்தில் எடுக்கணும். ரூமைப் பற்றி லாட்ஜில் கேளுங்க.

கட்டபெட்டு கணினி

மழை அளவைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்குப் பயம் தருவது இரண்டாவது வரி. "இன்று இரவும்" என்றால் எந்த இரவு? ராஜி அக்கா, உங்களிடம் ஸ்கிரீன்ஷாட் மட்டும்தானா, லிங்க் இருக்கிறதா?

எடக்காடு ராஜி

ஸ்கிரீன்ஷாட்டில் தேதி வெட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் மட்டும் லிங்க் அனுப்பினார். திறந்தால் "இந்தப் பதிவு இல்லை" என்று வருகிறது. அழித்துவிட்டார் போல.

கட்டபெட்டு கணினி

அழித்தாலும் பரவாயில்லை. லிங்க்கின் கடைசியில் நீளமாக ஒரு எண் இருக்கும். ட்விட்டர் அந்த எண்ணுக்குள்ளேயே பதிவிட்ட நேரத்தை வைத்திருக்கிறது. பைத்தானிலோ வேறு எதிலோ இதைப் போட்டால் போதும்:

```
(id >> 22) + 1288834974657
```

வருவது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய மில்லிவினாடி. அதைத் தேதியாக மாற்றித் தரும் தளங்கள் நிறைய உண்டு. கிடைப்பது கிரீன்விச் நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டணும். சாதாரணக் கால்குலேட்டரில் செய்வதாக இருந்தால் எண்ணை 4194304 ஆல் வகுத்து, தசமத்தை விட்டுவிட்டு, அந்தப் பெரிய எண்ணைக் கூட்டலாம்.

லிங்க்கை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

கட்டபெட்டு கணினி

பார்த்துவிட்டேன். 2024 ஆகஸ்ட் 1, கிரீன்விச் நேரப்படி மாலை. நம் கணக்கில் நள்ளிரவு தாண்டி ஆகஸ்ட் 2. வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு ஜூலை 30 அதிகாலை. எல்லோரும் பதறிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் எழுதியது இது. ஆக 2019 மழையை வருடம் போடாமல் 2024இல் எழுதியிருக்கிறார், அதை யாரோ இப்போது எடுத்துச் சுற்ற விட்டிருக்கிறார்கள். அவர் சொன்ன "இன்று இரவு" எப்போதோ முடிந்துவிட்டது. அன்றைக்கு எச்சரிக்கை என்ன நிறம் என்று தேட வேண்டிய தேவைகூட நமக்கு இல்லை.

ஒரு எல்லை சொல்லிவிடுகிறேன். இது பதிவு எப்போது போடப்பட்டது என்பதை மட்டும்தான் சொல்லும். அதில் உள்ள படம் எப்போது எடுத்தது என்று சொல்லாது.

குந்தா குமார்

எல்லாரும் நல்லா ஆராய்ச்சி பண்றீங்க. நான் ஒண்ணு கேக்கறேன். பழைய மெசேஜாவே இருக்கட்டும். நாலு பேர் பயந்து சரிவுப் பக்கத்துல இருந்து சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா என்ன நஷ்டம்? நீங்க சரிபார்த்து முடிக்கிறதுக்குள்ள மண்ணு வந்துட்டா?

பழைய ஃபீல்டு ஆபீசர்

குமார், எங்கே போவார்கள் என்பதையும் யோசியுங்கள். "ஊட்டியே மூழ்குது" என்று படித்தவர் ராத்திரியில் ஜீப் பிடித்து குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் இறங்குவார். மழை நாளில் மண்ணும் மரமும் முதலில் விழுவது அந்த மாதிரி மலை வெட்டிய சாலையில்தான். வீட்டில் இருந்தவரை நீங்கள் ரோட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்.

மூன்றாவது வரியையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். 2009 சாவு எண்ணிக்கை உண்மைதான். ஆனால் "குறைந்த மழைக்கே அவ்வளவு பேர், இப்போது அதைவிட அதிகம்" என்று கோர்த்திருப்பதுதான் தப்பு. 2009 மழை நவம்பர், வடகிழக்குப் பருவம். அடித்த இடம் கேத்திப் பள்ளத்தாக்கு, குன்னூர் பக்கம். சரிவு முழுக்க வீடு, தோட்டம், வெட்டிய ரோடு. 2019 மழை ஆகஸ்ட், அடித்தது அவலாஞ்சிப் பக்கம். அங்கே பெரும்பகுதி காடும் அணையும். அப்போதும் மாவட்டத்தில் சில உயிர்கள் போயின, ஆனால் 2009 மாதிரி இல்லை. எத்தனை மி.மீ. என்பதைவிட எந்தச் சரிவில், எப்படி வெட்டின மண்ணில் என்பது பெரிய கேள்வி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

குந்தா குமார்

ரோடு விஷயம் சரி சார். ஆனா பயமே இல்லாம இருக்கறதும் ஆபத்துதான். 2009லயும் யாரும் நம்பல.

கொடைக்கானல் உதவி ஆசிரியர்

இடையில் வருகிறேன். கொடைக்கானலில் இருந்து எழுதுகிறேன், பத்திரிகை வேலை. இதே இழையின் தமிழ் வடிவம் ஒன்று இங்கே "பழனி மலையில் 911 மி.மீ." என்று சுற்றுகிறது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். படமும் அதே படம்.

ராஜி, நான்காவது வரிக்கு மூல ட்வீட்டின் படம் இருந்தால் போடுங்கள். "ஆணை" என்ற சொல்லை ஆங்கிலத்தில் அவர் உண்மையிலேயே எழுதியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

எடக்காடு ராஜி

போட்டிருக்கிறேன், பாருங்கள்.

கொடைக்கானல் உதவி ஆசிரியர்

பார்த்தேன். அவர் எழுதியிருப்பது: ஆபத்தான 283 இடங்கள் கண்டறியப்பட்டுள்ளன, அங்கிருப்பவர்களை அதிகாரிகள் இடம் மாற்றக்கூடும் என்று சொல்லப்படுகிறது. "கூடும்" போய்விட்டது, "சொல்லப்படுகிறது" போய்விட்டது, இடங்கள் கிராமங்களாகிவிட்டன. வேகமாக எழுதும்போது எங்கள் டெஸ்கிலும் முதலில் காணாமல் போவது இந்த வால்கள்தான். தமிழில் அவை வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருவதால் வாக்கியத்தைச் சுருக்கினால் அவையே வெட்டுப்படும். முடித்த பிறகு மூலத்தில் இருக்கும் "கூடும்", "எனத் தெரிகிறது" வகைச் சொற்களை மட்டும் தனியாக எண்ணி, தமிழிலும் அத்தனை இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வழக்கம்.

283 என்ற எண் பற்றி உங்கள் மாவட்டத்துக்காரர்கள் சொல்லுங்கள்.

கேத்திப் பையன்

283 உண்மை. கலெக்டர் ஆபீஸ் ஒவ்வொரு பருவமழைக்கு முன்னாடியும் சொல்ற எண் அது. ஆனா கிராமம் இல்லை, இடம். ஒரு வளைவு, ஒரு சரிவு, ஒரு வரிசை வீடு, அப்படி. எங்க ஊர்லயே பட்டியலில் இருக்கற இடம் உண்டு, ஊர் முழுக்க இல்லை. காலி பண்ணச் சொன்னா வருவாய்த் துறை ஆள் நேரில் வருவாங்க, இல்லைன்னா மாவட்ட நிர்வாக அறிவிப்பு வரும்.

கொடைக்கானல் உதவி ஆசிரியர்

நன்றி. ஐந்தாவது வரி என்னால் முடிக்க முடியும். இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் 2023இல் வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பைத்தான் அவர் சொல்கிறார். அதில் 147 மாவட்டங்களின் தரவரிசை இருக்கிறது. முதலிடம் உத்தராகண்டின் ருத்ரபிரயாக், இரண்டாவது டெஹ்ரி கர்வால். நீலகிரி முதலிடம் என்பது தவறு.

ஆனால் ருத்ரபிரயாக் என்று திருத்திவிட்டு "அப்பாடா, நாம் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் தரவரிசை மலை எவ்வளவு பலவீனமானது என்று சொல்வதில்லை. நிலச்சரிவு நடந்த பகுதிகளில் எவ்வளவு மக்கள், வீடுகள், கால்நடை, சாலைகள் இருக்கின்றன என்பதை வைத்துப் போட்டது. மக்கள் அடர்த்தி மிகுந்த திருச்சூர் அதில் முன் வரிசையில் வருவது அதனால்தான். வயநாடு அந்தப் பட்டியலில் முதல் பத்தில்கூட இல்லை, அடுத்த வருடம் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

குந்தா குமார்

இதத்தான் நானும் சொல்றேன். பட்டியல்ல பின்னாடி இருந்தா பத்திரம்னு அர்த்தமில்ல.

கட்டபெட்டு கணினி

படம்? நான் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். ஒரே மாதிரி தொங்கும் தண்டவாளங்கள் கணக்கில்லாமல் வருகின்றன. 2009 நவம்பரில் நம் மலை ரயில் பாதை உடைந்தபோது எடுத்த படங்களும் வருகின்றன. ஒன்றும் பிடிபடவில்லை.

கேத்திப் பையன்

நம்ம ரயில் இல்லை அது. நடுவில் பல் தண்டவாளமே காணோம். நீலகிரி ரயில் என்றால் பல்சக்கரம் கடிக்க நடுவில் பல் கம்பி இருக்கணும். கேஸ் முடிஞ்சது.

பழைய ஃபீல்டு ஆபீசர்

பல் கம்பி கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான் தம்பி. குன்னூருக்கு மேலே வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி வரை சாதாரண மீட்டர் கேஜ். உங்கள் ஊர் ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள், நடுவில் ஒன்றும் இருக்காது. பல் இல்லை என்பதால் மட்டும் நம் பாதை இல்லை என்று சொல்ல முடியாது.

கேத்திப் பையன்

அட ஆமா.

கொடைக்கானல் உதவி ஆசிரியர்

ஆனாலும் முடிவு சரிதான் என்று நினைக்கிறேன். படத்தின் இடது மேல் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மின்கம்பம், அதிலிருந்து குறுக்கே நீளும் கை, மேலே கம்பி. மேல்கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடும் பாதை அது. நீலகிரி மலை ரயில் நீராவியிலும் டீசலிலும் ஓடுகிறது, மின்பாதை கிடையாது. இது எந்த வருடத்து நீலகிரியும் இல்லை.

லென்ஸில் தேடும்போது முழுப் படத்தையும் போடாமல், மேலே ஒட்டியிருக்கும் எழுத்தை வெட்டிவிட்டு, அந்தக் கம்பமும் பின்னால் உள்ள மலையும் மட்டும் தெரிகிற மாதிரி போடுங்கள். தண்டவாளத்தை முன்னால் வைத்தால் அது தண்டவாளங்களைத்தான் கொண்டுவரும். இடவலமாகத் திருப்பியும் ஒருமுறை தேட வேண்டும், திருப்பிப் போடுவது பழைய தந்திரம். டின்-ஐ தளத்தில் பழையது முதலில் என்று வரிசைப்படுத்தலாம். ஆனால் அது காட்டும் தேதி அந்தத் தளம் முதலில் படத்தைக் கண்ட தேதி, எடுத்த தேதி இல்லை. வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் கேமரா விவரங்களைத் தேடிப் பயனில்லை, அனுப்பும்போதே அழிந்துவிடும்.

கட்டபெட்டு கணினி

வெட்டிப் போட்டேன். இப்போது இரண்டு வெவ்வேறு மாநிலப் பெயர்களோடு வருகிறது, இரண்டும் ஃபார்வர்டு பக்கங்கள். எங்கே எடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கொடைக்கானல் உதவி ஆசிரியர்

நமக்கு அது தேவையில்லை. "நம் பாதை இல்லை, மின்கம்பியைப் பாருங்கள்" என்று சொன்னால் போதும். எந்த ஊர் என்று ஊகித்து எழுதினால் அது அடுத்த ஃபார்வர்டு.

எடக்காடு ராஜி

அப்படியென்றால் ஆறில் நேராக நிற்பது என்ன? 2009 இழப்பு, 911 (இடமும் வருடமும் போட்டு), 283 (இடங்கள் என்று திருத்தி). குமார் அண்ணா சொல்வதும் மனதில் இருக்கிறது. "எல்லாம் பொய்" என்று போட்டால் அடுத்து உண்மையான எச்சரிக்கை வரும்போது "அதுவும் பொய்தான்" என்பார்கள். இன்றைக்கு நிஜமாக என்ன நிலை என்று எங்கே பார்ப்பது?

பழைய ஃபீல்டு ஆபீசர்

மழைக்கு, சென்னை வானிலை மையத்தின் மாவட்டவாரி எச்சரிக்கை. சிவப்பு என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்ய வாய்ப்பு என்று பொருள். அது மழைக்கான நிறம், மண்ணுக்கானது இல்லை. மண்ணுக்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தனியாக முன்னறிவிப்பு தருகிறது. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் இதற்கென்று தேசிய மையம் தொடங்கினார்கள். முதலில் எடுத்துக்கொண்ட மூன்று மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று, மற்றவை டார்ஜிலிங், கலிம்போங். பூஸ்கலன் என்று செயலியும் இருக்கிறது.

ஆனால் அதுவும் பகுதிக்குச் சொல்லும், உங்கள் வீட்டுப் பின்சுவருக்குச் சொல்லாது. சரிவில் புதிதாக விரிசல், கதவு திடீரென்று மூட முடியாமல் இறுகுவது, மரமோ கம்பமோ சாய்வது, ஊற்று நீர் கலங்கி வருவது, இதைப் பார்த்தால் எந்த நிறத்துக்கும் காத்திருக்க வேண்டாம். பகலிலேயே இடம் மாறி, 1077க்குச் சொல்லுங்கள்.

குந்தா குமார்

இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் சண்டையே போட்டிருக்க மாட்டேன் சார். குரூப்புக்கு இதைத்தான் அனுப்பணும். அந்த வெளிநாட்டுக்காரன் எழுதினதை எதுக்கு மொழிபெயர்க்கணும்?

எடக்காடு ராஜி

ஏற்கனவே எல்லார் போனிலும் அந்தப் படம் இருக்கிறதே அண்ணா. "அதில் என்ன எழுதியிருக்கு" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் வேறு ஒன்றை அனுப்பினால், ராஜி எதையோ மறைக்கிறாள் என்பார்கள். இப்படி எழுதியிருக்கிறேன்:

"ரயில் பாதை தொங்கும் படத்தோடு வரும் ஆங்கிலச் செய்தி 2024 ஆகஸ்டில் எழுதியது. அதில் சொல்லும் 911 மி.மீ. 2019இல் அவலாஞ்சியில் பெய்தது. படம் நம் ரயில் இல்லை, மேலே மின்கம்பி இருக்கிறது பாருங்கள். ஊர்களைக் காலி செய்ய ஆணை என்று அதில் இல்லை. ஆபத்தான இடங்கள் 283 என்பது உண்மை, நம் பக்கத்துச் சரிவுகளும் பட்டியலில் இருக்கலாம். சுவரிலோ மண்ணிலோ புது விரிசல் கண்டால் பகலிலேயே இடம் மாறுங்கள், 1077க்குச் சொல்லுங்கள்."

மேலே தேதி போட்டுவிடுகிறேன்.

கொடைக்கானல் உதவி ஆசிரியர்

நன்றாக இருக்கிறது. இஸ்ரோ வரியை விட்டது சரி, அதை விளக்க ஆரம்பித்தால் நீளும். தேதியை மேலே தனி வரியாகப் போடாதீர்கள். அடுத்தவர் நகலெடுக்கும்போது அந்த வரியை விட்டுவிடுவார். முதல் வாக்கியத்துக்குள்ளேயே "இன்று, இன்ன தேதி" என்று கோர்த்துவிடுங்கள்.

குந்தா குமார்

கோர்த்தாலும் வெட்டுவாங்க. அதுவும் அடுத்த வருஷம் பழனி மலைன்னு பேர் மாத்தி வரும் பாருங்க.

எடக்காடு ராஜி

வரட்டும் அண்ணா. இப்போதைக்கு வாய்ஸ் மெசேஜாகவும் ஒன்று பேசிப் போடுகிறேன், படுகுவில் ஒன்று, தமிழில் ஒன்று. லைன் வீட்டுப் பாட்டிகள் எழுத்தைப் படிக்க மாட்டார்கள்.